இளஞ்சிவப்பு விலகும் துளி: டிடர்ஜென்டை அளக்கும் இரு அடுக்குத் தரம்பார்த்தல்

ஒரு பாக்கெட் டிடர்ஜென்ட் பவுடரில் அழுக்கை உண்மையில் நீக்கும் பொருள் சிறு பங்குதான். மீதியெல்லாம் சோடா சாம்பல், சோடியம் சல்ஃபேட், சிலிகேட், சில வேளைகளில் சுண்ணாம்புக்கல் தூள் போன்றவை. அழுக்கை நீக்கும் அந்தப் பங்கைப் பரப்புச் செயலி என்பார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியிலிருந்து பிரித்து நீரில் மிதக்கவிடுவது அதன் வேலை. தமிழ்நாட்டில் சிறிய அளவில் சலவைத் தூள் தயாரிப்பவர்கள் வாங்கும் ‘ஆசிட் சிலரி’யிலிருந்து கிடைப்பதும் இதுவே. கரும்பழுப்பாகக் கெட்டியாக இருக்கும் அந்தச் சல்ஃபோனிக் அமிலத்தைச் சோடாவோடு சேர்த்துப் பிசையும்போது அது சோடியம் உப்பாகிப் பரப்புச் செயலியாக மாறுகிறது. தூளில் இது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ சொல்ல முடியாது. நுரையும் நம்பத்தக்க சாட்சி அல்ல. குறைந்த அளவு பரப்புச் செயலியே வாளி நிறைய நுரை தந்துவிடும். ஆய்வகங்கள் இதற்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தும் வழி, தண்ணீரும் குளோரோஃபார்மும் இரண்டு அடுக்குகளாக நிற்கும் ஒரே பாத்திரத்தில் செய்யப்படும் தரம்பார்த்தல். அதன் முடிவைச் சொல்வது கீழடுக்கின் நிறம். அந்த நிறத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் முறையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது.

சலவைத் தூள்களில் அதிகம் சேர்க்கப்படுவது எதிர்மின் வகைப் பரப்புச் செயலி. நேர்ச்சங்கிலி ஆல்க்கைல் பென்சீன் சல்ஃபோனேட் அதில் முதன்மையானது. ஷாம்பூவிலும் பற்பசையிலும் வரும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் அதே குடும்பம். இவற்றின் மூலக்கூறில் ஏறத்தாழ பன்னிரண்டு கார்பன் கொண்ட எண்ணெய்த் தன்மையுள்ள வால் ஒன்றும், தண்ணீரை விரும்பும் எதிர்மின் தலை ஒன்றும் இருக்கின்றன. அந்தத் தலைக்குத் துணையாக நிற்பது சோடியம் அயனி. சோடியம் சிறியது, தண்ணீரை விட்டு வெளியே வராதது. ஆகவே பரப்புச் செயலியும் அதனோடு தண்ணீரிலேயே தங்கிவிடும். சோடியத்தின் இடத்தில், எண்ணெய்த் தன்மையுள்ள பெரிய நேர்மின் அயனி ஒன்று வந்து சேர்ந்தால் நிலைமை மாறும். இரண்டு மின்னூட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அந்த இணைக்குத் தண்ணீரில் பிடிப்பு குறைந்து, அது குளோரோஃபார்முக்குள் இறங்கிவிடும். ஒரு எதிர்மின் அயனிக்கு ஒரு நேர்மின் அயனி என்று கணக்கு நேராக இருப்பதால், பரப்புச் செயலி முழுவதையும் இணையாக்க எத்தனை நேர்மின் அயனி செலவானது என்று தெரிந்தால் போதும். பியூரெட்டிலிருந்து இறக்கப்படும் அந்த நேர்மின் பொருள் பென்செதோனியம் குளோரைடு. ஹயமின் 1622 என்ற வணிகப் பெயரில் ஆய்வகங்களில் அது வெகுவாக அறிமுகமானது.

கேள்வி எஞ்சுவது ஒன்றுதான்: எல்லாம் இணைந்து முடிந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இணைகளுக்கு நிறமில்லை, பென்செதோனியத்துக்கும் நிறமில்லை. 1947இல் எஸ். ஆர். எப்டன் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு குறிப்பில் இதற்கு மெத்திலீன் நீலத்தைத் துணைக்கு அழைத்தார். அந்தச் சாயமே ஒரு நேர்மின் அயனி. பரப்புச் செயலி இருக்கும்வரை அது அதனோடு இணைந்து குளோரோஃபார்மை நீலமாக்கும். பென்செதோனியம் போன்ற பொருள் சேரச் சேர நீலம் மெல்ல மேலடுக்குத் தண்ணீருக்குத் திரும்பும். மேலும் கீழும் ஒரே அளவு நீலமாகத் தெரியும் கட்டத்தை முடிவு நிலையாக அவர் எடுத்துக்கொண்டார். கருத்து அழகானது, நடைமுறையில் கண்ணுக்குச் சிரமம் தந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு நீலங்கள் சமமா என்று தீர்மானிப்பதில் ஒருவர் கண்ணும் மற்றவர் கண்ணும் ஒத்துப்போவது அரிது. நுரை வேறு மேலடுக்கை மறைத்துக்கொண்டு நிற்கும்.

பின்வந்தவர்கள் அந்தச் சிரமத்தை இரண்டு சாயங்களைக் கலந்து தீர்த்தார்கள். இளஞ்சிவப்பு தரும் டைமிடியம் புரோமைடு நேர்மின் சாயம். நீலம் தரும் டைசல்ஃபின் புளூ எதிர்மின் சாயம். இரண்டுக்கும் ஆய்வகத்துக்கு வெளியே வேறு வரலாறு உண்டு. டைமிடியம் ஆப்பிரிக்கக் கால்நடைகளைத் தாக்கும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணி நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. டைசல்ஃபின் புளூவோ உடலின் நிணநீர்க் குழாய்களை நிறமேற்றிக் காட்ட மருத்துவர்களுக்குப் பயன்பட்டது. இந்தக் கலவை நிறங்காட்டியை அடிப்படையாகக் கொண்ட முறைதான் 1972இல் ஐ.எஸ்.ஓ. 2271 என்ற சர்வதேசத் தர ஆவணமாக வெளியானது. இங்கே விவரிக்கப்படும் அளவுகள் அந்த முறையைச் சார்ந்தவை.

பாத்திரத்துக்குள் நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் நிறமாற்றம் தானாக விளங்கும். தொடக்கத்தில் பரப்புச் செயலி ஏராளம். அதில் ஒரு சிறு பகுதி டைமிடியத்தோடு இணைந்து கீழிறங்க, குளோரோஃபார்ம் இளஞ்சிவப்பாகிறது. டைசல்ஃபின் புளூ எதிர்மின் சாயம் என்பதால் அதற்குத் துணை கிடைக்காமல் தண்ணீரிலேயே நிற்கிறது. பியூரெட்டிலிருந்து பென்செதோனியம் இறங்கத் தொடங்கியதும், அது முதலில் தண்ணீரில் தனித்திருக்கும் பரப்புச் செயலியோடு சேர்கிறது. இந்தக் கட்டம் முழுவதும் நிறத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தனித்திருந்தவை தீர்ந்ததும், டைமிடியத்தோடு இணைந்திருந்த கடைசிப் பகுதியின் முறை வருகிறது. பென்செதோனியத்துக்குப் பரப்புச் செயலியின் மேல் பிடிப்பு அதிகம். ஆகவே முன்பதிவு செய்தவர் வந்ததும் இருக்கையை விட்டு எழும் ரயில் பயணியைப் போல, டைமிடியம் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்புகிறது. கீழடுக்கின் இளஞ்சிவப்பு வடிகிறது. அதற்குப் பிறகு விழும் பென்செதோனியத்துக்குச் சேர்வதற்குப் பரப்புச் செயலி இல்லை. அது டைசல்ஃபின் புளூவைப் பிடித்துக்கொண்டு குளோரோஃபார்முக்குள் இறங்க, கீழடுக்கு நீலமாகிறது. ஆக, இளஞ்சிவப்பு வெளியேறுவதும் நீலம் உள்ளே வருவதும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. சிவப்பு கடைசியாக விலகி, நீலம் லேசாகத் தலைகாட்டும் இடத்தில் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் கலந்த மங்கிய நீலம். அதுவே முடிவு நிலை.

இந்த வேலை அமில ஊடகத்தில் நடக்கிறது. அது வெறும் சம்பிரதாயம் அல்ல. சாதாரண சோப்பும் எதிர்மின் வகைதான். ஆனால் அதன் தலை கார்பாக்சிலேட். அமிலத்தில் அது ஹைட்ரஜனை ஏற்றுக் கொழுப்பு அமிலமாகி, மின்னூட்டத்தை இழந்து, கணக்கிலிருந்து விலகிக்கொள்கிறது. சல்ஃபேட், சல்ஃபோனேட் தலைகளோ வலுவான அமிலங்களிலிருந்து வந்தவை. அந்த அமிலத்திலும் மின்னூட்டத்தை விடுவதில்லை. அதனால்தான் சோப்பும் சேர்ந்த தூளில்கூட இந்த முறை செயற்கைப் பரப்புச் செயலியை மட்டும் தனியே எண்ணித் தருகிறது.

கரைசல்களில் நான்கு முக்கியம். பென்செதோனியம் குளோரைடு லிட்டருக்கு 0.004 மோல் செறிவில் இருக்க வேண்டும். உலர்த்திய பொருளில் சுமார் 1.8 கிராம் ஒரு லிட்டருக்குப் போதும். அதன் சரியான செறிவைக் கண்டறிய, தூய்மை தெரிந்த சோடியம் லாரில் சல்ஃபேட்டை அதே 0.004 மோல் செறிவில், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 1.15 கிராம் கரைத்து வைத்துக்கொள்கிறார்கள். நிறங்காட்டி இருப்புக் கரைசலுக்கு அரை கிராம் டைமிடியம் புரோமைடையும் கால் கிராம் டைசல்ஃபின் புளூவையும் பத்து சதவீத எத்தனாலில் தனித்தனியே சூடாகக் கரைத்து, ஒன்றாக்கி 250 மி.லி. ஆக்குகிறார்கள். அன்றாட வேலைக்கு இதில் 20 மி.லி. எடுத்து, 200 மி.லி. தண்ணீரும், லிட்டருக்கு 2.5 மோல் செறிவுள்ள கந்தக அமிலம் 20 மி.லி.யும் சேர்த்து, 500 மி.லி.யாகப் பெருக்கி, வெளிச்சம் படாமல் வைக்கிறார்கள். அமில நிறங்காட்டி என்பது இதுதான். நான்காவது குளோரோஃபார்ம்.

இனி ஒரு மாதிரியை முழுதாகச் செய்து பார்க்கலாம். துணி துவைக்கும் பவுடர் ஒன்று. பரப்புச் செயலி நேர்ச்சங்கிலி ஆல்க்கைல் பென்சீன் சல்ஃபோனேட். எதிர்பார்க்கப்படும் அளவு 16 சதவீதம் அளவில். பாக்கெட்டின் மேல்பகுதியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தால் அது முழுப் பாக்கெட்டுக்கும் பேசாது. போக்குவரத்தில் குலுங்கி, கனமான துகள்கள் அடியிலும் இலேசானவை மேலேயும் பிரிந்திருக்கும். ஆகவே முழுவதையும் கொட்டிக் கலந்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் கால்பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் கலந்து அளவைச் சுருக்க வேண்டும். இப்படிச் சுருக்கியதிலிருந்து 7.50 கிராம் எடைபோடப்படுகிறது. ஒரு லிட்டரில் 3 முதல் 5 மில்லிமோல் பரப்புச் செயலி இருக்க வேண்டும் என்பதே இந்த எடையைத் தீர்மானிக்கும் விதி. தூளைத் தண்ணீரில் கரைத்து, பினால்ஃப்தலீன் சில துளி விட்டு, தூளின் சோடாவால் வரும் கடுஞ்சிவப்பு மங்கி மிக வெளிறிய நிறம் நிற்கும்வரை அமிலம் சேர்த்து நடுநிலைக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். இப்படிச் செய்யாவிட்டால் தூளின் காரம் பின்னர் நிறங்காட்டியின் அமிலத்தைத் தின்றுவிடும்.

பிறகு ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் கோடுவரை நிரப்ப வேண்டும். நுரை இங்கே பெரிய தொல்லை. வேகமாக ஊற்றினாலோ குலுக்கினாலோ கழுத்து முழுவதும் நுரை ஏறிக் கோடு மறைந்துவிடும். அந்த நுரையில் பரப்புச் செயலி கீழே உள்ள நீரைவிடச் செறிவாக இருக்கும் என்பதால், நுரையை அள்ளிக் கொட்டுவது மாதிரியையே கொட்டுவதாகும். தண்ணீரைக் கண்ணாடிச் சுவரை ஒட்டி மெல்ல வழியவிட்டு, கடைசியில் எத்தனால் ஓரிரு துளி விட்டால் நுரை அமர்ந்துவிடும். கரைசலை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும்.

இந்தக் கரைசலில் 25 மி.லி.யைப் பிப்பெட்டில் எடுத்து, கண்ணாடி மூடியுள்ள 100 மி.லி. உருளைக் குடுவையில் விடுகிறார்கள். அதோடு 10 மி.லி. தண்ணீர், 15 மி.லி. குளோரோஃபார்ம், 10 மி.லி. அமில நிறங்காட்டி. குளோரோஃபார்ம் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. அடியில் போய் நிற்கும். பென்செதோனியம் முதலில் 2 மி.லி. விட்டு, மூடி, பலமாகக் குலுக்கி வைத்தால் கீழடுக்கு இளஞ்சிவப்பாகத் தெளியும். அதன்பின் ஒவ்வொரு முறை விட்டபின்பும் மூடிக் குலுக்கிப் பிரியவிட வேண்டும். குலுக்கல்தான் இந்த முறையின் உழைப்பு. ஒரே திரவத்தில் நடக்கும் அமில-காரத் தரம்பார்த்தலில் துளி விழுந்த கணமே வினை முடிந்துவிடும். இங்கே அயனிகள் இரண்டு திரவங்களின் எல்லையைக் கடந்தாக வேண்டும். எல்லைப்பரப்பு பெருகினால்தான் அது விரைவாக நடக்கும். அரைகுறையாகக் குலுக்கினால் நிறம் பின்தங்கி நிற்கும். கண் பார்ப்பது முந்தைய துளியின் நிலையாக இருக்கும்.

முடிவு நெருங்குவதை நிறத்துக்கு முன்பே அறிவிக்கும் ஓர் அடையாளம் உண்டு. தொடக்கத்தில் குலுக்கியதும் இரண்டு திரவங்களும் கலங்கிப் பால்போலாகி, பிரியத் தாமதமாகும். பரப்புச் செயலி தனித்திருந்து குளோரோஃபார்ம் துளிகளைச் சூழ்ந்து, அவை ஒன்றுசேராமல் தடுப்பதே காரணம். பென்செதோனியம் அதை ஒவ்வொன்றாக இணைத்து எடுத்துவிட்டபின் அந்தக் காவல் போய்விடுகிறது. குலுக்கியதும் அடுக்குகள் சட்டெனப் பிரிகின்றன. பழகிய பகுப்பாய்வாளர் இந்த வேகத்தைக் கண்டதும் குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாக மாறிவிடுவார். நிறத்தை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் இங்கேதான் ஒரு மி.லி. தாண்டிவிடுகிறார்.

இனி நிறத்தைப் படிப்பது. பார்க்க வேண்டியது கீழடுக்கை மட்டும். மேலே நிற்கும் தண்ணீரிலும் இரண்டு சாயமும் மாறிமாறி இருப்பதால் அதற்கும் நிறமுண்டு. அந்த நிறம் எதையும் தீர்மானிப்பதில்லை, கண்ணைக் குழப்பத்தான் செய்யும். பின்னால் வெள்ளைத் தாளோ வெள்ளை ஓடோ இருக்க வேண்டும். பகல் வெளிச்சமோ அதற்கு இணையான வெண்விளக்கோ வேண்டும். மஞ்சள் ஒளியில் மங்கிய இளஞ்சிவப்பும் சாம்பலும் ஒன்றுபோலத் தோன்றும். அடுக்குகள் முழுதாகப் பிரிந்து குளோரோஃபார்ம் தெளிந்தபின்தான் முடிவெடுக்க வேண்டும். அதில் நுண்ணிய நீர்த்துளிகள் மிதந்துகொண்டிருந்தால் மேலடுக்கின் நிறம் கீழேயும் தெரிந்து ஏமாற்றும்.

முடிவுக்குச் சற்று முன் கீழடுக்கில் நீலமும் சிவப்பும் சேர்ந்து ஊதாச் சாயல் கொண்ட சாம்பல் தோன்றலாம். பலர் நிறுத்துவது அங்கே, அது சீக்கிரம். சிவப்பின் சுவடு இன்னும் இருக்கிறது என்றால் டைமிடியம் இன்னும் கீழே இருக்கிறது, அதாவது பரப்புச் செயலி இன்னும் தீரவில்லை என்று பொருள். அடுத்த ஓரிரு துளியில் சிவப்பு அடியோடு மறைந்து சாம்பல் நீலம் மட்டும் நிற்கும். அந்தத் துளியே முடிவு. அதையும் தாண்டினால் சாம்பல் தெளிந்து பளிச்சென்ற நீலமாகும்; அழகாக இருந்தாலும் அது அளவு மிஞ்சிய நிறம். புதியவர்களுக்கு ஒரு நல்ல வழி, வேண்டுமென்றே ஒரு குடுவையைத் தாண்டவிட்டு நீலமாகவும், இன்னொன்றை முடிவுக்கு முன்னால் நிறுத்தி இளஞ்சிவப்பாகவும் பக்கத்தில் வைத்துக்கொள்வது. இரண்டுக்கும் நடுவே எது என்று பார்ப்பது, நினைவில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுவதைவிடப் பன்மடங்கு எளிது. சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குருடு உள்ளவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அது திறமைக் குறைவு அல்ல, கண்ணின் அமைப்பு.

சாம்பல் எந்த அளவு நீலமாகும்போது நிறுத்துவது என்பதில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு இருக்கவே செய்யும். முறை அதற்கும் இடம் வைத்திருக்கிறது. பென்செதோனியத்தின் செறிவை எடைக் கணக்கிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாமல், 25 மி.லி. சோடியம் லாரில் சல்ஃபேட் கரைசலை இதே குடுவையில், இதே அளவு குளோரோஃபார்ம், நிறங்காட்டியோடு, அதே ஆள் அதே நிறத்தில் நிறுத்தித் தரம்பார்க்கிறார். எப்போதும் ஒரு துளி தாமதமாக நிறுத்துபவர் இங்கேயும் ஒரு துளி தாமதமாகவே நிறுத்துவார். மாதிரியில் நேரும் அதே பிழை தரக்கரைசலிலும் நேர்வதால், இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஆகவே காலையில் ஒருவர் தரப்படுத்திய கரைசலை வைத்து மாலையில் வேறொருவர் மாதிரியைச் செய்வது, பார்வைக்குச் சிறு விஷயமாகத் தோன்றினாலும், முறையின் அடித்தளத்தை அசைக்கும் செயல்.

எடுத்துக்கொண்ட மாதிரிக்கு வருவோம். சோடியம் லாரில் சல்ஃபேட் 1.163 கிராம் எடைபோடப்பட்டது. அதன் தூய்மை 99.2 சதவீதம். மூலக்கூறு நிறை 288.4 என்பதால் கரைசலின் செறிவு லிட்டருக்கு 0.00400 மோல், 25 மி.லி.யில் 0.1000 மில்லிமோல். இதற்குச் செலவான பென்செதோனியம் 25.1 மி.லி. ஆகவே அதன் உண்மைச் செறிவு 0.003984. பவுடர் கரைசல் 25 மி.லி.க்குச் செலவானது 21.6 மி.லி.; அதாவது 0.0861 மில்லிமோல். ஒரு லிட்டர் முழுவதற்கும் நாற்பது மடங்கு, 3.44 மில்லிமோல். எதிர்பார்த்த 3 முதல் 5க்குள் இருக்கிறது. ஆல்க்கைல் பென்சீன் சல்ஃபோனேட்டின் மூலக்கூறு நிறையை 348 என்று கொண்டால் 1.198 கிராம், 7.50 கிராம் தூளில் அது 16.0 சதவீதம். இதையே ஒரே வரியில் எழுதலாம்:

சதவீதம் = 4 × V × c × M / m

இதில் V செலவான மி.லி., c பென்செதோனியத்தின் செறிவு, M பரப்புச் செயலியின் மூலக்கூறு நிறை, m தூளின் கிராம் எடை.

இந்தக் கணக்கில் ஒரு துளி, அதாவது 0.05 மி.லி., விடையை 0.04 அளவுக்கே மாற்றும். கண் தடுமாறி அரை மி.லி. தாண்டினால் 16.0 என்பது 16.3 ஆகிவிடும். ஆனால் துளியைவிடப் பெரிய பிழை வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. பியூரெட் எண்ணித் தருவது மூலக்கூறுகளை, எடையை அல்ல. எடையாக மாற்ற உதவும் M வெளியிலிருந்து வர வேண்டும். 348 என்பது சங்கிலியில் சரியாகப் பன்னிரண்டு கார்பன் உள்ள பொருளுக்கு. விற்பனையில் உள்ள சல்ஃபோனேட் பல நீளங்களின் கலவை, சராசரி 11.6 கார்பன் என்றால் மூலக்கூறு நிறை 343தான். அதைப் போட்டால் இதே 21.6 மி.லி. 15.7 சதவீதமாகிறது. ஐந்தாறு துளி தவறவிட்டதற்குச் சமமான வேறுபாடு, எந்தத் துளியும் தவறாமலே. இரண்டு வகைப் பரப்புச் செயலி கலந்த தூளில், உதாரணமாக ஈத்தர் சல்ஃபேட்டும் சேர்ந்திருந்தால், மொத்த மில்லிமோலைத்தான் இந்த முறை தரும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆகவே சதவீதம் எழுதும் அறிக்கையில் எந்த மூலக்கூறு நிறை எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் எழுதியாக வேண்டும். எழுதாத இரண்டு ஆய்வகங்கள் ஒரே தூளுக்கு வேறு வேறு சதவீதம் தந்து சண்டையிட்டுக்கொள்வதற்கு நிறமாற்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தூளில் உள்ள மற்றப் பொருட்களில் பெரும்பாலானவை தொல்லை தருவதில்லை. சோடியம் குளோரைடு, சல்ஃபேட், பாஸ்பேட், சிலிகேட், பெர்போரேட், யூரியா ஆகியவை இருந்தாலும் முடிவு மாறாது. சங்கிலி இல்லாத டொலுவின், சைலீன் சல்ஃபோனேட்டுகள், பரப்புச் செயலியின் எடையில் 15 சதவீதம்வரை இருந்தால் பாதிப்பில்லை. குளோரோஃபார்முக்குள் இணையை இழுத்துச்செல்ல அவற்றின் உடம்பில் போதிய எண்ணெய்த் தன்மை கிடையாது. பெர்போரேட் தவிர்த்த வெளுப்பான்களை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். கரையாத சுண்ணாம்புக்கல், டோலமைட், களிமண் சேர்த்த மலிவான தூள்களில் அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட பரப்புச் செயலி கணக்கில் வராமல் போகலாம். அத்தகைய தூளை முதலில் சூடான ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டி, ஆல்கஹாலை ஆவியாக்கி, எஞ்சியதை நீரில் கரைத்துத் தரம்பார்ப்பது நல்லது.

முறை அடியோடு தோற்பது நேர்மின் பரப்புச் செயலி உள்ள பொருளில். துணி மென்மையாக்கி சேர்ந்த கலவையில் அது பென்செதோனியம் செய்ய வேண்டிய வேலையைத் தானே முன்கூட்டிச் செய்துவிடுகிறது; விடை குறையும். ஷாம்பூவிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் வரும் பீட்டெய்னும் அப்படியே. நடுநிலையில் இரு மின்னூட்டமும் சுமந்து சாதுவாக இருக்கும் அது, இந்த முறையின் அமிலத்தில் எதிர்மின் பக்கத்தை இழந்து நேர்மின் ஆகிவிடும். குளோரோஃபார்மின் நிறம் இதையெல்லாம் காட்டிக்கொடுக்காது. முடிவு நிலை பளிச்சென்று அழகாக வரும், எண் மட்டும் தவறாக இருக்கும். அதனால்தான் பகுப்பாய்வுக்கு முன்பே கலவையில் என்னென்ன இருக்கின்றன என்று அறிந்திருப்பது அவசியமாகிறது. ஐயமிருந்தால், அளவு தெரிந்த சோடியம் லாரில் சல்ஃபேட்டை மாதிரியில் கூட்டிப் பார்த்து, கூட்டியது முழுவதும் கூடுதல் மி.லி.யாகத் திரும்பி வருகிறதா என்று சோதிக்கலாம். ஆனால் இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கலவையில் உள்ள நேர்மின் பொருள் அங்கிருந்த எதிர்மின் பொருளோடு ஏற்கெனவே இணைந்துவிட்டிருந்தால், கூட்டியது முழுமையாகத் திரும்பும், குறை தெரியாது.

கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவதிலும் கவனம் வேண்டும். டிடர்ஜென்டை அளக்கும் குடுவையை டிடர்ஜென்டாலேயே கழுவிச் சரியாக அலசாமல் விட்டால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீதி அடுத்த மாதிரியில் சேர்ந்துவிடும். மாறாக முந்தைய தரம்பார்த்தலில் எஞ்சிய பென்செதோனியம் ஒட்டியிருந்தால் விடை குறையும். தண்ணீராலும் எத்தனாலாலும் அலசி உலர்த்துவதே பாதுகாப்பு.

குளோரோஃபார்ம் ஆவி நல்லதல்ல. ஈரலைப் பாதிக்கும், புற்றுநோய் ஐயமும் அதன்மேல் உண்டு. ஒவ்வொரு தரம்பார்த்தலிலும் மூடியைத் திறந்து மூடிக் குலுக்குவதால் இந்த வேலையை ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் கையுறையோடுதான் செய்ய வேண்டும். டைமிடியம் மரபணு இழைகளுக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ளும் சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அதன் தூளைத் தோலில் படாமல் கையாள வேண்டும். பயன்படுத்திய குளோரோஃபார்மைத் தொட்டியில் கொட்டக் கூடாது. தனிப் புட்டியில் சேர்த்துக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். இந்தக் காரணங்களால் பல ஆய்வகங்கள் பரப்புச் செயலியை உணரும் மின்முனையை வைத்து, நிறமும் குளோரோஃபார்மும் இல்லாமல் மின்னழுத்தத்தின் தாவலிலிருந்து முடிவைப் படிக்கும் முறைக்கு மாறிவருகின்றன. அந்தக் கருவியின் பியூரெட்டில் இறங்குவதும் பெரும்பாலும் இதே பென்செதோனியம் போன்ற நேர்மின் பொருள்தான். அதைத் தரப்படுத்துவதும் சோடியம் லாரில் சல்ஃபேட்டை வைத்தே நடக்கிறது.